அம்மாவின் முப்பது நொடிகள்

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "போன வாரம் எப்படி இருந்துச்சும்மா?" அம்மா அன்றைக்குக் காலையில் எப்படி இருந்ததோ அதைச் சொல்வார். போன வாரம் யாருக்கு நினைவிருக்கும்? நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி தேட வேண்டும், பேனா தேட வேண்டும், எழுதக் கை வரவில்லை என்று அது பீரோவுக்குள் போய்விட்டது. ஆனால் அம்மாவுக்குப் பேச எந்தத் தடையும் இல்லை. அதனால் போனின் முகப்பிலேயே ஒலிப்பதிவுக்கான பட்டனை வைத்தேன். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டு அரை நிமிடம் பேசினால் போதும். பேசியது எழுத்தாக மாறி, அந்தந்தத் தேதியின் கோப்பில் தானாகப் போய் உட்கார வேண்டும். இதுதான் திட்டம்.

"இதுகிட்டப் பேசினா டாக்டருக்குப் போயிடுமாடி?" என்று அம்மா முதலில் கேட்டார். யாருக்கும் போகாது. அதில் நான் உறுதியாக இருந்தேன். தூக்கம், வலி, யார் மீதோ உள்ள வருத்தம் எல்லாம் அந்த அரை நிமிடத்தில் வந்துவிடும். அது வீட்டுக் கணினியைத் தாண்டக் கூடாது. போனிலுள்ள பதிவுக் கோப்புறையை சிங்க்திங் என்ற செயலி வீட்டு வைஃபை வழியாகக் கணினிக்குக் கொண்டுவருகிறது. அங்கே விஸ்பர் என்ற திறந்த மூல மாடல் பேச்சை எழுத்தாக்குகிறது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்டது இது. இதைச் சாதாரணக் கணினியிலேயே இணையம் இல்லாமல் ஓட்ட `whisper.cpp` என்ற நிரல் இருக்கிறது. மொத்த வேலையும் இரண்டே வரிதான்:

```
ffmpeg -i 0510.m4a -ar 16000 -ac 1 0510.wav
whisper-cli -m ggml-large-v3.bin -l ta -otxt -f 0510.wav
```

முதல் வரி, போனில் பதிவானதை நொடிக்கு 16,000 மாதிரிகள் கொண்ட ஒற்றைத் தட ஒலியாக மாற்றுகிறது. மாடலுக்கு வேண்டியது அந்த வடிவம்தான். இரண்டாவது வரியில் `-l ta` முக்கியம். அதை விட்டுவிட்டால் இந்த நிரல் பேச்சை ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது தமிழ்ப் பேச்சுக்கு ஏதோ ஓர் ஆங்கில வாக்கியம் வந்து நிற்கும். சில நேரம் அது ஓரளவு சரியான மொழிபெயர்ப்பாகவும் இருந்துவிடும் என்பதுதான் தொல்லை. அம்மா சொன்ன சொல் ஒன்றுகூட அதில் இருக்காது. `ggml-large-v3.bin` கோப்பு சுமார் 3 ஜிபி. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் மெதுவாகத்தான் ஓடும். அதனால் ஒன்றும் குறைவதில்லை, நாட்குறிப்புக்கு என்ன அவசரம்? சிறிய மாடல்கள் வேகமாக முடிக்கும், ஆனால் தமிழில் அவற்றின் பிழைகள் மிக அதிகம். இந்திய மொழிகளுக்கென்றே பயிற்சி கொடுத்த மாடல்களை ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு வெளியிட்டிருக்கிறது. தமிழ் மட்டும் பேசுகிறவர்கள் அவற்றையும் பார்க்கலாம்.

சரி, ஏன் முப்பது நொடி? சுருக்கமாகப் பேச வைப்பதற்காக யாரோ வைத்த எல்லை என்று தோன்றும். ஆனால் விஸ்பருக்கு முப்பது நொடி என்பது அதன் அமைப்பிலேயே உள்ள அளவு. எந்த ஒலியையும் அது முப்பது நொடித் துண்டாகத்தான் கேட்கும். பேச்சு 18 நொடிதான் என்றால் மீதி 12 நொடிக்கு நிசப்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். 33 நொடி என்றால் முதல் முப்பதை ஒரு தடவையும், மிஞ்சிய மூன்று நொடியோடு 27 நொடி நிசப்தத்தைச் சேர்த்து இன்னொரு தடவையும் கேட்கும். அந்த இரண்டாவது துண்டில்தான் இல்லாத பேச்சு முளைக்கிறது. விஸ்பருக்கு முதலில் பயிற்சி கொடுத்த 6,80,000 மணி நேர ஒலி, இணையத்திலிருந்து எழுத்து வடிவத்தோடு எடுத்தது. வீடியோவின் கடைசியில் பேச்சு நின்ற பிறகும் திரையில் 'நன்றி' என்றோ 'பார்த்ததற்கு நன்றி' என்றோ ஒரு வரி கிடக்கும் அல்லவா? நிசப்தத்தைக் கேட்டால் மாடல் அப்படிப்பட்ட வரியை எழுதிவிடும். இல்லையென்றால் கடைசியாக வந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எழுதும். ஆகவே முப்பதுக்குள் முடிக்கிற பதிவு ஒரே மூச்சில் கேட்கப்படும், ஒட்டுப்போடும் இடம் இருக்காது. கை தவறி அழுத்தி வெறும் மின்விசிறிச் சத்தம் மட்டும் பதிவானால்கூட இப்படி ஒரு நன்றி வரலாம். அம்மாவின் குறிப்பில் யாருக்கோ நன்றி சொல்லியிருந்தால் நான் உடனே ஒலியைப் போட்டுக் கேட்டுவிடுவேன்.

ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு விஷயம் இதோடு முடிந்தது. தமிழுக்கு இன்னொரு எல்லை இருக்கிறது, அதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை.

விஸ்பர் எழுத்தைச் சிறு சிறு துண்டுகளாகத்தான் வெளியே தரும். டோக்கன் என்பது அதன் பெயர். ஒரு முப்பது நொடித் துண்டுக்கு அதிகபட்சம் 224 டோக்கன்கள்தான் எழுத முடியும். ஆங்கிலத்தில் சாதாரணச் சொல் பெரும்பாலும் ஒரே டோக்கன், எனவே எவ்வளவு வேகமாகப் பேசினாலும் முப்பது நொடியில் எல்லையைத் தொடுவது அரிது. தமிழ் எழுத்துகளுக்கு அந்தச் சலுகை இல்லை. 'ஏறலாம்னு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் ஐந்து எழுத்து. கணினியில் துணைக்காலும் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது எட்டாகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 24 பைட். மாடலின் டோக்கன் பட்டியலில் தமிழுக்குப் பெரிய துண்டுகள் அதிகம் இல்லாததால், இந்த ஒரு சொல்லே பல டோக்கன்களைத் தின்றுவிடும். மூச்சுவிடாமல் முப்பது நொடி பேசுகிறவருக்கு 224 போதாமல் போகும்.

போதாமல் போனால் என்ன ஆகும் என்பது பேசும் விதத்தைப் பொறுத்தது. வாக்கியங்களுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தால் மாடல் அந்த இடங்களில் நேரக் குறி போட்டிருக்கும். கடைசி நேரக் குறியிலிருந்து மறுபடியும் கேட்டு மீதியை எழுத வாய்ப்பு உண்டு. இடைவெளியே இல்லாமல் பேசியிருந்தால் வால் பகுதி அப்படியே காணாமல் போகலாம். கண்டுபிடிப்பது எளிது: குறிப்பின் கடைசிச் சொல் பாதியில் அறுந்திருக்கும், முற்றுப்புள்ளி இருக்காது. அதனால் எங்கள் வீட்டில் முப்பது நொடி என்பது பெயரளவில்தான். அம்மா நாலு விஷயம் சொல்வார்: தூக்கம், முட்டி, நடை, அப்புறம் மனசில் இருக்கிற ஏதாவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு. இருபத்தைந்து நொடிக்குள் முடிந்துவிடும்.

இதே எல்லை இன்னோர் இடத்திலும் தலைகாட்டும். `--prompt` என்று கொடுத்து, வீட்டில் புழங்கும் பெயர்களையும் மருந்துப் பெயர்களையும் மாடலுக்கு முன்கூட்டியே காட்டி வைக்கலாம். ஊர்ப் பெயர், பேரன் பெயர் எல்லாம் சரியாக வர இது உதவும். ஆனால் அதற்கும் இதே அளவு இடம்தான். தமிழில் நீளமாக எழுதினால் முன்பகுதி வெட்டுப்பட்டு, கடைசிப் பகுதி மட்டுமே மாடலுக்குப் போய்ச் சேரும். ஏழெட்டுப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி தேதி. கோப்புக்கு `2025-03-14.md` என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயர் வைத்தால் அடுக்கு தானாகவே சரியாக இருக்கும். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. எந்தத் தேதி என்பதில்தான் சிக்கல். கணினி எழுதி முடித்த நேரத்தை எடுத்தால் தவறு. அம்மா அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால், மூன்று நாள் பதிவுகள் ஒரே நேரத்தில் வைஃபையில் வந்து சேரும். கோப்பின் வெளி நேரத்தை எடுத்தாலும் நம்ப முடியாது, நகலெடுக்கும்போது அது மாறிவிடக் கூடும். ஒலிக் கோப்புக்கு உள்ளேயே பதிவான நேரம் எழுதப்பட்டிருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும்:

```
ffprobe -v quiet -show_entries format_tags=creation_time -of csv=p=0 0510.m4a
2025-03-13T23:40:00.000000Z
```

அம்மா பேசியது மார்ச் 14 விடிகாலை 5:10க்கு. உள்ளே இருப்பதோ 13ஆம் தேதி இரவு 11:40. கடைசியில் இருக்கும் `Z` தான் விளக்கம்: அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். காலை 5:30க்கு முன்னால் எழுந்து பேசுகிற எவருடைய பதிவும், இதை அப்படியே எடுத்துக்கொண்டால், முதல் நாள் கோப்பில் போய் விழும். எட்டு மணிக்கு எழுந்து பேசுகிறவர் இதை ஆயுளுக்கும் கவனிக்க மாட்டார். அம்மா தினமும் ஐந்து மணியை ஒட்டி எழுகிறவர். சில நாள் 5:20, சில நாள் 5:40. ஒருநாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் விழுந்து, ஒரு தேதியில் இரண்டு குறிப்பும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் போகும்.

இதைக் காட்டிக் கொடுப்பதற்கு ஒரு வழி, பேச்சைக் கிழமையோடு தொடங்குவது. அம்மா "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றுதான் ஆரம்பிப்பார். 2025 மார்ச் 14 வெள்ளி. 13ஆம் தேதிக் கோப்பில் வெள்ளிக்கிழமை என்று இருந்தால் நேரக் கணக்கு பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஏழு கிழமைப் பெயர்களையும் மாடல் பெரும்பாலும் பிழையில்லாமல் எழுதிவிடுவதால், கோப்பின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையையும் நிரலிடமே விட்டுவிட்டேன்.

ஐந்தரை மணியைக் கூட்டினால் அம்மாவின் கணக்கு நேராகிவிடும். ஆனால் நானும் இதில் பேசுகிறேன், நான் பேசுவது படுக்கப் போகும்போது. 14ஆம் தேதி நாள் முழுவதும் நடந்ததை இரவு 12:20க்குச் சொன்னால் காலண்டர் அதை 15 என்கிறது. எனக்கோ அது 14தான். என் நாள் நான் தூங்கும்போதுதான் முடிகிறது. அம்மாவின் நாள் அவர் எழும்போது தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில், வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரம் ஒன்று இருக்கிறது: விடிகாலை மூன்று மணி. நாள் அங்கேதான் மாற வேண்டும் என்று முடிவு செய்தோம். பொது நேரத்தோடு ஐந்தரைக்குப் பதில் இரண்டரை மணியைக் கூட்டினால் அது நடந்துவிடும்:

```
TZ='IST-2:30' date -d '2025-03-13T23:40:00Z' +%F
2025-03-14
```

கழித்தல் குறியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்த அமைப்பில் கிழக்கே உள்ள நேரங்களுக்குக் கழித்தல் போடுவதுதான் வழக்கம். என் 12:20 பதிவு பொது நேரப்படி 14ஆம் தேதி மாலை 6:50. இரண்டரை கூட்டினால் இரவு 9:20, அதாவது 14. இரண்டு பதிவும் அவரவர் நாளில் விழுகின்றன. கோப்புக்குள் இருக்கும் தலைப்பில் மட்டும் உண்மையான கடிகார நேரத்தைப் போடுகிறேன், 5:10 என்றோ 0:20 என்றோ. ராத்திரி வைத்தியம் பார்க்க நேர்ந்தால் எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும் அல்லவா. இரவுப் பணிக்குப் போகிறவர் வீட்டில் இந்த மூன்று மணி பொருந்தாது, அவர்கள் தங்கள் தூக்கத்தைப் பார்த்து எல்லையை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பையே முழுதாகப் பார்ப்போம். அம்மா சொன்னது இது: "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சேன். முட்டி இறுக்கமா இருக்கு, வலின்னு சொல்ல முடியாது. நேத்து சாயங்காலம் மாடிப்படி ஏறல. பெரியவன் போன் பண்ணுவான்னு பார்த்தேன்."

எழுத்தில் வந்தது: "இன்னைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு தடவை எழுந்திரிச்சேன். முட்டி இருக்கமா இருக்கு வலின்னு சொல்ல முடியாது. நேத்து சாயங்காலம் மாடிப்படி ஏறலாம். பெரியவன் போன் பண்ணுவான்னு பார்த்தேன்."

இதில் மூன்று வகைப் பிழை இருக்கிறது, மூன்றும் ஒரே தரம் இல்லை. 'எந்திரிச்சேன்' என்பது 'எழுந்திரிச்சேன்' ஆனதும், வெள்ளிக்கிழமைக்குப் பின் இருந்த புள்ளி போனதும் படிக்கிறவரைத் தடுக்காது. அடுத்தது 'இருக்கமா'. பேச்சில் நம்மில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன, காதால் மட்டும் கேட்கிற மாடல் எதை எழுதும்? கண்ணால் படித்தால் புரிந்துவிடும். ஆனால் பின்னால் 'இறுக்க' என்று தேடினால் இந்த நாள் அகப்படாது. அதனால் தேடும்போது `grep -rE "இ[றர]ுக்கமா" .` என்று இரண்டையும் சேர்த்தே தேடுகிறேன். வினைச்சொற்களை முழுதாகத் தேடுவதும் வீண். ஏறினேன், ஏறல, ஏறணும் எல்லாம் வேண்டுமென்றால் 'ஏற' என்ற தலையைத் தேடினால் போதும். ஏறி, ஏறு என்பவையும் வேண்டுமென்றால் 'ஏற' என்பதே அவற்றுக்கும் தலையாக அமையும், ஏனென்றால் உயிர்க்குறி றகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது.

மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. 'ஏறல' என்பது 'ஏறலாம்' ஆகியிருக்கிறது. ஏறவில்லை என்றவர் ஏறலாம் என்றதாக ஆகிவிட்டது. வாக்கியம் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது, எழுத்துப் பிழை ஏதும் இல்லை, எந்தத் திருத்தியும் இதைப் பிடிக்காது. காரணமும் தெரிகிறது. அம்மாவின் குரல் வாக்கியக் கடைசியில் தேய்ந்துவிடும். பேச்சில் 'லாம்' என்பதன் மகரம் மூக்கொலியாகக் கரைந்து, ஏறக்குறைய 'ஏறலா' என்றுதான் கேட்கும். 'ஏறல' என்பதற்கும் அதற்கும் நடுவில் உள்ளது ஒரு நெடிலின் நீளம் மட்டும்தான். சாப்பிடல, சாப்பிடலாம், வரல, வரலாம், தூங்கல, தூங்கலாம். உடம்பைப் பற்றிய குறிப்பில் மாறிவிடக் கூடாத சொற்கள் இவைதான்.

பெரிய மாடல் இதைக் குறைக்கிறது, ஒழிக்கவில்லை. எங்களுக்கு உதவியது பேச்சில் செய்த ஒரு மாற்றம். இல்லை என்பதைத் தனிச்சொல்லாகச் சொல்ல வேண்டும்: "ஏறவே இல்ல", "தூக்கம் வரவே இல்ல". அம்மா அழுத்திச் சொல்லும்போது இயல்பாகவே அப்படித்தான் சொல்வார், எனவே பழகுவது கஷ்டமாக இல்லை. இதற்கும் மேலே, 'லாம்' என்று முடிகிற சொல் வந்த வரிகளுக்கு நிரல் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறது. அவற்றை மட்டும் வாரக் கடைசியில் ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்கிறேன்.

அப்படிக் கேட்பதற்கு ஒலி இருக்க வேண்டும். போன் கீபோர்டில் உள்ள குரல்வழித் தட்டச்சைக் கொண்டே இதைச் செய்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். செய்யலாம், எளிதும்கூட. ஆனால் அதில் எழுத்து மட்டும்தான் மிஞ்சும், பேசிய ஒலி நம் கையில் இருக்காது. 'ஏறலாம்' என்று வந்தால் அதோடு சரி. ஒலியை வைத்திருப்பதற்கு ஆகும் இடமோ மிகக் குறைவு. பேச்சுக்கு 32 கேபிபிஎஸ் ஓப்பஸ் வடிவம் தாராளம். முப்பது நொடிக்கு 120 கேபி, தினமும் ஒன்று என்றால் ஆண்டுக்குச் சுமார் 44 எம்பி. கல்யாண வீடியோவில் சில நிமிடம்கூட அதைவிடப் பெரியது. எனவே ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் அதன் ஒலிக் கோப்பின் பெயர் இருக்கிறது:

```
## 05:10
நேத்து சாயங்காலம் மாடிப்படி ஏறல. [கேட்டுத் திருத்தியது]
ஒலி: 2025-03-14-0510.opus
```

'கேட்டுத் திருத்தியது' என்ற அந்தக் குறிக்கு ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு இதைவிட நல்ல தமிழ் மாடல் வந்தால் பழைய ஒலிகள் எல்லாவற்றையும் மறுபடியும் எழுத வைப்பேன். அப்போது கையால் திருத்திய வரிகளை நிரல் தொடக் கூடாது.

போன தடவை பிசியோதெரபிஸ்டிடம் போகும் முன், 'படி' என்று வந்த குறிப்புகளை மட்டும் தேதியோடு எடுத்து ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுபோனோம். அவர் முதலில் படித்தது மாடிப்படியை அல்ல. அதே குறிப்புகளில் காலை நேர இறுக்கத்தைப் பற்றிச் சொல்லியிருந்த நாட்களைத்தான் விரலால் தொட்டுக்கொண்டே போனார். சாயங்காலம் நடக்காத நாட்களுக்கு மறுநாள்தான் அது எழுதியிருக்கிறது என்றார். அம்மாவுக்கு மாலையில் ஒரு நடை கூடுதலாகச் சேர்ந்தது. இப்போது அம்மா சொல்கிற விஷயங்கள் ஐந்தாகியிருக்கின்றன. இருபத்தைந்து நொடி போதவில்லை என்பதால், மாலை நடை முடிந்ததும் பட்டனை இன்னொரு தடவை தொடுகிறார்.